சிஏ தேர்வு கேள்வி வங்கி: ஆண்டு முடிவுக்குப் பிந்தைய நிகழ்வுகளுக்குக் கேஸ் தேவை

வணக்கம். சிஏ மாணவர்களுக்காகச் சூழல் சார்ந்த கேள்விகளைத் தொகுத்து வருகிறோம். ஒவ்வொரு விடைக்கும் காரணம் எழுதுகிறோம். இண்ட் ஏஎஸ் 10 பகுதியில் உங்கள் உதவி வேண்டும்.

இப்போது உள்ள கேள்வி இது. மார்ச் 31 அன்று ஒரு வாடிக்கையாளரிடமிருந்து 12 லட்சம் ரூபாய் வரவேண்டியுள்ளது. ஏப்ரல் 20-இல் அவர் குடோன் தீப்பிடித்து, அவர் திவாலாகிறார். கணக்குகளுக்குப் போர்டு ஒப்புதல் மே 30-இல்தான். மார்ச் கணக்கில் இந்தத் தொகையை நஷ்டமாக எழுத வேண்டுமா?

விடை: வேண்டாம். மார்ச் 31-இல் அவர் நல்ல நிலையில்தான் இருந்தார், தீ அதற்குப் பிறகு வந்தது. தொகை பெரிதென்றால் குறிப்பில் சொன்னால் போதும். அதே ஆள் பல மாதமாகவே பணநெருக்கடியில் இருந்து ஏப்ரலில் திவாலாகியிருந்தால் விடை தலைகீழ். திவால் பழைய நிலையை உறுதிப்படுத்துகிறது, ஆகவே மார்ச்சிலேயே நஷ்டம். பலர் சறுக்குவது இங்கேதான்: திவால் நடந்த தேதியைப் பார்க்கிறார்கள், அதன் காரணம் எப்போது தோன்றியது என்று பார்ப்பதில்லை.

இன்னொரு சிக்கல், பழைய ஏஎஸ் 4-இன்படி அந்த வெளியிடல் கணக்குக் குறிப்பில் அல்ல, இயக்குநர் அறிக்கையில் வரும். எந்தத் தரநிலை என்று கேள்வியில் சொல்லாவிட்டால் இரண்டு விடைகளும் சரியாகிவிடும்.

சரக்கு மதிப்பில் இதே மாதிரி இரட்டைக் கேஸ் தர முடியுமா? ஏப்ரலில் அடக்கவிலைக்குக் கீழே விற்ற சரக்கு: ஒன்றில் மார்ச்சிலேயே விலை சரிந்திருக்க வேண்டும், மற்றதில் ஏப்ரல் வெள்ளத்தில் நனைந்திருக்க வேண்டும். தேதி, தொகை, தவறான மூன்று விடைகள் ஏன் தவறு என்பதும் சேர்த்து அனுப்புங்கள்.