லப்டொப் தவணைக்கு எடுத்த ஆக்கள் உங்கடை அனுபவத்தைச் சொல்லுங்கோ, மொத்தமா எவ்வளவு போச்சுது?

புதுக்குடியிருப்பான்

தங்கச்சிக்கு வவுனியா யூனிவர்சிட்டி கிடைச்சிருக்கு, லப்டொப் ஒண்டு கட்டாயம் வேணும். கிளிநொச்சியிலை ஏ9 ரோட்டுப் பக்கமா ரெண்டு மூண்டு கடை ஏறி இறங்கினன். ஒரு கடையிலை கேட்டதை அப்பிடியே எழுதுறன், உங்களுக்கும் இப்பிடித்தான் சொன்னவையோ எண்டு பாருங்கோ.

விலை 180,000. முற்பணம் 30,000 கட்டினா மிச்சம் 150,000 ஐ 12 மாசத்திலை கட்டலாம், மாசம் 15,500. "வட்டி மாசம் ரெண்டே ரெண்டு வீதம் தான் தம்பி" எண்டு அங்கை நிண்ட அண்ணை சொன்னார். பத்திரச் செலவு 3,000 எண்டது கடைசியா போர்ம் நிரப்பேக்க தான் வந்தது, ஜிஎஸ் கடிதமும் ரெண்டு பிணையும் வேணுமாம், ஒராள் அரசாங்க உத்தியோகத்தரா இருக்கோணும்.

வெளியிலை வந்து போனிலை கூட்டிப் பாத்தன். 15,500 ஐ 12 ஆலை பெருக்கினா 186,000, முற்பணத்தோடை 216,000, பத்திரக் காசோடை 219,000. கைக்காசுக்கு எடுத்தா 180,000 தானே, அப்ப 39,000 கூட. ரெண்டு வீதம் எண்டு கேக்கேக்க சின்னனாத் தான் இருந்தது. நான் ஒண்டிலையும் கையெழுத்து வைக்கேல்லை, எடுத்த ஆக்கள் சொல்லுங்கோ.

மாங்குளம்_சுதன்

தம்பி கணக்குச் சரி தானே? 150,000 க்கு 36,000 வட்டி, வருசத்துக்கு 24 வீதம். கிரடிட் கார்ட்டிலையும் கிட்டத்தட்ட அவ்வளவு தான் எடுக்கிறாங்கள். கடைக்காரன் பொய் சொல்லேல்லை. நான் போன வருசம் டிவி இப்பிடித்தான் எடுத்தனான், ஒரு பிரச்சினையும் வரேல்லை, மாசம் மாசம் கட்டி முடிச்சாச்சு.

வவுனியா அக்கா

நான் வவுனியாவிலை பைனான்ஸ் கொம்பனி ஒண்டிலை கனகாலம் வேலை செய்தனான், இந்த ரெண்டு வீதத்தை நானே எத்தினையோ பேருக்குச் சொல்லியிருக்கிறன், அதாலை கொஞ்சம் நீட்டா எழுதுறன்.

சுதன், 24 வீதம் எண்டு நீங்கள் சொல்லுறது தம்பி 150,000 ஐயும் வருசம் முழுக்கக் கையிலை வைச்சிருந்தா தான் சரி. அவர் வைச்சிருக்கேல்லையே, மாசம் மாசம் திருப்பிக் குடுத்துக்கொண்டு வாறார். 15,500 இலை 12,500 முதல், 3,000 வட்டி. முதல் மாசம் 150,000 க்கு 3,000, அது ரெண்டு வீதம், சரி. ஆனா பன்னிரண்டாம் மாசம் அவர் குடுக்க இருக்கிறது வெறும் 12,500, அதுக்கும் அதே 3,000 தான் வட்டி. அந்த மாசத்தை மட்டும் எடுத்துப் பாத்தா 24 வீதம், ஒரு மாசத்துக்கு! திருப்பிக் குடுத்த காசுக்கும் சேத்துத் தான் கடைசி வரைக்கும் வட்டி ஓடுது. இதைத் தான் பிளாட் ரேட் எண்டுறது.

உண்மையிலேயே மிஞ்சிற காசுக்கு மட்டும் மாசம் ரெண்டு வீதம் எடுத்தா தவணை 14,184 தான் வரும், வட்டி மொத்தமா 20,200 அளவிலை முடிஞ்சிடும். இவை 36,000 எடுக்கினம்.

எக்செல் இருந்தா இதைப் போட்டுப் பாருங்கோ, போனிலை இருக்கிற கூகிள் ஷீட்ஸிலையும் வேலை செய்யும்:

```
=RATE(12,-15500,150000)
```

மாசம் 3.5 வீதம் கிட்ட வரும், வருசத்துக்கு 42 வீதம் அளவிலை. எக்செல் சிலவேளை தசமத்தை வெட்டிப்போட்டு 3% எண்டு மட்டும் காட்டும், அப்ப தசமத்தைக் கூட்டி விட்டுப் பாருங்கோ, அந்த அரை வீதம் சின்னன் இல்லை. 15,500 க்கு முன்னாலை கழித்தல் குறி போட மறந்தா பிழை எண்டு சொல்லும்.

தம்பி, ஒண்டு கேக்கிறன். கையிலை முழுக்காசையும் வைச்சுக்கொண்டு "இப்பவே எடுக்கிறன், எவ்வளவுக்குத் தருவியள்" எண்டு கேட்டனீங்களோ? அது தான் உண்மையான கைக்காசு விலை. 180,000 எண்டு சொன்னது தவணைக்காரருக்குச் சொல்லுற விலையாயும் இருக்கும்.

புதுக்குடியிருப்பான்

கேக்கேல்லை அக்கா. மாமாவைப் பின்னேரம் அனுப்பினன், தவணைக் கதையே எடுக்காமல் விலை மட்டும் கேக்கச் சொல்லி. 176,000 க்குத் தாறமாம், லப்டொப் பாக்கும் தருவினமாம்.

வவுனியா அக்கா

பாத்தீங்களோ. அப்ப சாமானின்ரை விலை 176,000. அதிலை நீங்கள் முதல் நாளே 30,000 உம் பத்திரக்காசு 3,000 உம் குடுத்திடுவியள், அப்ப அவை உண்மையிலை உங்களுக்குக் கடனாத் தாறது 143,000 தான். பழைய கணக்கிலை 150,000 ஐ எடுத்திட்டு இதைப் போடுங்கோ:

```
=RATE(12,-15500,143000)
```

4.3 வீதம். வருசத்துக்கு 51, 52 கிட்ட. வித்தியாசம் 39,000 இல்லை, 43,000. பாக்கை நான் கணக்கிலை சேக்கேல்லை.

கரைச்சி_விவசாயி

i5 ஆ i7 ஆ எடுக்கிறது நல்லம் எண்டு தான் கேக்கிறீங்கள் எண்டு நினைச்சு உள்ளுக்கை வந்தன், பரவாயில்லை, ஒண்டு சொல்லுறன். நாங்கள் வயல்காரர். காசு வாறது காலபோகம் வெட்டி மாசி பங்குனியிலை, பிறகு தண்ணி இருந்தா சிறுபோகத்துக்கு. மகனுக்கு லப்டொப் ஆவணியிலை எடுத்தது. ஐப்பசி கார்த்திகையிலை இருந்த காசெல்லாம் உழவுக்கும் பசளைக்கும் எண்ணெய்க்கும் போட்டுது, ரெண்டு தவணை விட்டுப்போச்சு. ஒவ்வொண்டுக்கும் பிந்தினதுக்கெண்டு தனியா அறவிட்டவை, போதாக்குறைக்கு பிணை நிண்ட மச்சானுக்கு வேலை செய்யிற இடத்துக்கே கோல் எடுத்தவை, அது தான் எனக்குப் பெரிய கவலை. பிந்தினா எவ்வளவு எண்டு ஒப்பந்தத்திலை எழுதித் தான் இருந்தது, சிங்களத்திலையும் இங்கிலிசிலையும். மாசச் சம்பளம் இல்லாத ஆக்கள் அதை வாசிப்பிச்சுக் கேட்டிட்டுக் கையெழுத்துப் போடுங்கோ.

மாங்குளம்_சுதன்

அக்கா சொன்ன பிளாட் ரேட் விசயம் இப்ப விளங்குது. ஆனா ஒரு கேள்வி, கையிலை 176,000 இருக்கிற ஆள் அதைப் பாங்க்கிலை போட்டு வட்டி எடுத்துக்கொண்டு இஞ்சாலை தவணை கட்டினா லாபம் தானே?

வவுனியா அக்கா

பாங்க் தாற வட்டி 51, 52 ஐத் தாண்டினா லாபம். சேமிப்புக் கணக்கையும் நிலையான வைப்பையும் கேட்டுப் பாருங்கோ, கிட்டவும் வராது. அதோடை தவணை கட்ட அந்தக் காசைத் தானே மாசம் மாசம் எடுக்கப்போறியள், வட்டி வாறதுக்கு அங்கை முதல் நிக்காது.

துணுக்காய்_பிரியா

எல்லாரும் தவணை கூடாது எண்டு சொல்லுறியள், என்ரை கதை வேறை. 2021 கடைசியிலை 24 மாசத் தவணைக்கு எடுத்தனான், அம்மா பேசினவ. அப்ப டொலர் 203 இலை நிண்டது, 2022 மார்ச்சிலை ரூபாயை மிதக்க விட்ட பிறகு மே மாசத்திலை 360 க்குக் கிட்ட வந்திட்டுது. அதே லப்டொப்பின்ரை விலை கடையிலை ரெண்டு மடங்கு கிட்ட ஏறிச்சு, என்ரை தவணை மட்டும் ஒரு சதமும் ஏறேல்லை. காசு சேத்துப்போட்டு எடுப்பம் எண்டு இருந்த என்ரை சிநேகிதி கடைசி மட்டும் எடுக்கேல்லை. வட்டி கூடத் தான், ஆனா எனக்கு அது சரியா வந்தது.

ஒண்டு மட்டும் சொல்லவேணும், வொரன்டி ஒரு வருசம் தான், தவணை ரெண்டு வருசம். பதினாறாம் மாசம் மதர்போட் போட்டுது, திருத்தக் கொழும்புக்கு அனுப்பினது, சாமான் கையிலை இல்லை ஆனா தவணை கட்டிக்கொண்டு தான் இருந்தனான்.

வவுனியா அக்கா

பிரியா, உங்களுக்கு நடந்தது உண்மை. ஆனா அந்த மாதிரி வருசம் வரும் எண்டு நினைச்சு இவ்வளவு வட்டி குடுக்கிறது என்னாலை சரியெண்டு சொல்ல ஏலாது. டொலர் ஏறாமல் இருந்திருந்தா நீங்கள் வேறை மாதிரி எழுதியிருப்பியள்.

துணுக்காய்_பிரியா

இருக்கலாம் அக்கா. ஆனா அந்த ரெண்டு வருசமும் ஒன்லைன் வகுப்பு, லப்டொப் இல்லாட்டி நான் படிச்சிருக்க மாட்டன். அதுக்கு எத்தினை வீதம் எண்டு கணக்குப் போடுறது?

கனகராயன்குளம்_ரவி

என்னட்டைக் கிரடிட் கார்ட் இருக்கு, பூச்சிய வட்டி எண்டு 12 மாசம் போட்டு எடுத்தன். கடையிலை கைக்காசு 180,000, கார்ட் தவணைக்கு 192,000 எண்டு போட்டிருந்தது. பில்லிலை மாசம் 16,000, வட்டி பூச்சியம். இதுவும் வட்டி தானோ அக்கா?

வவுனியா அக்கா

ஓம் ரவி, வட்டி விலைக்குள்ளை போயிட்டுது. ஆனா இது மாசம் ஒரு வீதம் கிட்ட தான், வருசம் 12, கடைத் தவணையை விட எவ்வளவோ நல்லம். பாங்க் தனியா ஒரு கட்டணம் எடுக்குதோ எண்டு பாருங்கோ. ஒரு மாசப் பில்லை முழுசாக் கட்டாமல் விட்டா மிஞ்சினதுக்குக் கார்ட் வட்டி ஓடத் தொடங்கும், அங்கை தான் கன பேர் மாட்டுறவை.

புதுக்குடியிருப்பான்

அக்கா, ஆறு மாசத்திலை அண்ணா கனடாவிலை இருந்து காசு அனுப்பினா ஒரேயடியா முடிக்கலாம் எண்டு நினைச்சன். பாதிக் காலம் எண்டபடியா பாதி வட்டி, 18,000 கழியும் தானே?

வவுனியா அக்கா

கழியாது. நான் இருந்த இடத்திலை கணக்கு இப்பிடி: 36,000 ஐ 78 பங்காப் பிரிப்பம். முதல் மாசத்துக்கு 12 பங்கு, அடுத்ததுக்கு 11, அப்பிடியே குறைஞ்சு கடைசி மாசத்துக்கு ஒண்டு. கூட்டிப் பாருங்கோ, 78 வரும். கடைசி ஆறு மாசத்துக்கும் சேத்து 21 பங்கு தான், அதாவது 9,700 அளவு. அப்ப மிச்சம் 93,000 இலை அதைக் கழிச்சு 83,300 கட்டச் சொல்லுவினம். சில கடையிலை ஒண்டுமே கழிக்காமல் 93,000 ஐயும் கேப்பினம், அப்பிடியெண்டா முன்னுக்குக் கட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. கையெழுத்துப் போட முதல் "ஆறாம் மாசம் முடிச்சா எவ்வளவு" எண்டு கேட்டு, அந்தத் தொகையை எழுத்திலை வாங்குங்கோ.

கரைச்சி_விவசாயி

அம்மாவின்ரை சங்கிலி ஏதும் இருந்தா பாங்க்கிலை அடகு வையுங்கோ தம்பி. அதிலை நெல்லு வித்த கையோடை கொஞ்சம் கொஞ்சமா முதலைக் குறைக்கலாம், குறைச்ச காசுக்குப் பிறகு வட்டி ஓடாது.

புதுக்குடியிருப்பான்

அம்மாட்டை ஒரு சோடி காப்பு இருக்கு, 143,000 க்குக் காணுமோ தெரியாது. நாளைக்குப் பாங்க்குக்குப் போய் எவ்வளவு தருவினம், வட்டி எத்தினை எண்டு கேட்டிட்டு வந்து அதையும் RATE இலை போட்டுப் பாக்கிறன். கடைக்காரர் வெள்ளி வரைக்கும் தான் அந்த 176,000 எண்டு சொல்லியிருக்கிறார்.