லீவ் லெட்டர் சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குத் திங்கள் ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். செவ்வாய் விடியற்காலையில் கடைசியா மருந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு மருந்தே இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வரவில்லை, அதனால் இன்று அனுப்புகிறேன். டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம். காய்ச்சல் காரணமாக என் மகள் நேற்று, செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கு வர இயலவில்லை. அன்று ஒருநாள் மட்டும் விடுப்பு அளிக்க வேண்டுகிறேன். நேற்று காலை முதல் மருந்தில்லாமலே காய்ச்சல் இல்லை. சோர்வு இருப்பதால் இன்று விளையாட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்க அனுமதியுங்கள். மறுபடி உடம்பு சுட்டால் எனக்கு போன் செய்யுங்கள், உடனே வந்து அழைத்துக்கொள்கிறேன். விட்டுப்போன பாடத்தை வீட்டில் எழுத வைக்கிறேன். நன்றி."

கீழே மகளின் பெயர், வகுப்பு, பிரிவு, என் கையெழுத்து, போன் நம்பர் இருக்கு.

ஆசிரியர்களாக இருக்கிறவங்க சொல்லுங்க: மருந்து பற்றிய வரி உங்களுக்கு உதவுமா? மாத்திரை கொடுத்து அனுப்பினால் மதியத்துக்குள் காய்ச்சல் திரும்பிடும், பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கும். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சேர்த்தேன். டிகிரியையும் எழுதணுமா? எட்டரைக்குள் பதில் கிடைத்தால் திருத்திக் கொடுத்து அனுப்புவேன்.