ஒரு பைசா வரி வித்தியாசம்: ஆலோசனை தேவை

வணக்கம். மண்டபம் கடற்கரையில் கருவாடு விற்கும் மகளிர் குழுவுக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு விற்பனைத் தளம் எழுதிவருகிறேன். தள்ளுபடி போக ஒரு பொட்டலம் 20.10 ரூபாய். 5 சதவீத வரி 1.005 ரூபாய். இருமக் கணக்கில் 1.005 துல்லியமாக அடங்காது, சற்றுக் குறைவாகவே பதிவாகிறது. அதனால் `(1.005).toFixed(2)` என்றால் `"1.00"` வருகிறது. ஆகவே எல்லாத் தொகையையும் முழு எண்ணாக, பைசாவில் வைத்துக்கொண்டேன்:

```js
Math.round(2010 * 5 / 100) // 101
```

இதுவரை சரி. சிக்கல் கூட்டும்போதுதான். வகைக்கொன்றாக மூன்று பொட்டலம் வாங்கினால், ரசீதின் ஒவ்வொரு வரிசையிலும் தனித்தனியாக முழுமையாக்கும்போது வரி 303 பைசா. மொத்தம் 6030 பைசாவுக்குச் சேர்த்துக் கணக்கிட்டால் 301.5, அதாவது 302.

மொத்தத்தில் முழுமையாக்குவதே எனக்கு நேர்மையாகத் தெரிகிறது. ஆனால் வாடிக்கையாளர் ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தால் 101 வீதம் 303 பைசா திரும்பப் போகும். நாம் வாங்கியதோ 302. வாங்காத வரியைத் திருப்பித் தரக் கூடாது.

302-ஐ விற்பனையின்போதே 101, 101, 100 எனப் பிரித்து ஒவ்வொரு வரிசையிலும் சேமித்துவிடலாம் என்று நினைக்கிறேன். குறையும் அந்த ஒரு பைசாவை எந்த வரிசையில் கழிப்பது? விலைகள் வெவ்வேறாக இருக்கும்போது நீங்கள் எந்த விதியைப் பின்பற்றுகிறீர்கள்? நடைமுறையில் செய்தவர்கள் சொல்லுங்கள்.