புதுப்பிப்பு: ஸ்லைடுகளிலிருந்து ஆங்கில இலக்கணக் குறிப்பு

என் கேள்வி: “வகுப்பு ஸ்லைடுகளில் விதிகள் சிதறிக் கிடக்கின்றன. திருப்புதல் குறிப்பாக எப்படி மாற்றுவது?”

அனைவருக்கும் நன்றி. பிழையை முதலில் எழுதச் சொன்ன ஆசிரியரின் யோசனைதான் பலித்தது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்று எழுதி அடித்தேன். கீழே ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’. பிறகுதான் விதி: முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டால் ‘ஹேவ்’ வராது.

‘யெஸ்டர்டே’ இருந்தாலே ‘ஹேவ்’ கூடாது என்றவர் சொன்னது பாதிதான் சரி. ஸ்லைடிலேயே ‘ஐ ஹேவ் பீன் இல் சின்ஸ் யெஸ்டர்டே’ இருக்கிறது; ‘சின்ஸ்’ வந்ததும் காலம் இந்த நொடிவரை நீண்டுவிடுகிறது. பிடிஎஃப் ஆக்கச் சொன்னவர் கேள்வியை வேறாகப் புரிந்துகொண்டார், அச்சிட உதவியது.

எதிர்பாராதது ‘திஸ் மார்னிங்’. காலையில் பேசினால் ‘ஹேவ்’ பொருந்தும், மாலையில் பொருந்தாது. ‘ஜஸ்ட்’ மட்டும் தீரவில்லை: அமெரிக்க வழக்கில் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ சரியே, எங்கள் ஸ்லைடோ பிழை என்கிறது.