இரவு ஓடும் ஸ்கிரிப்ட் சில கேட் சீட்டுகளை மட்டும் விட்டுவிடுகிறது – அவசரம்

ராயபுரம்_கிளியரிங்
வணக்கம். மணலியில் உள்ள கண்டெய்னர் யார்டில் கேட் சீட்டுகளை ஸ்கேன் செய்து எங்கள் ராயபுரம் அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். இரவு 11 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, புதிதாக வந்தவற்றை மட்டும் பில் மென்பொருளில் ஏற்றும். இப்போது சில சீட்டுகள் ஏறவே மாட்டேன் என்கின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. பார்ட்டிகள் பில் கேட்டு நெருக்குகிறார்கள். என்ன செய்யலாம்?

வண்ணை_நெட்
எந்த இயங்குதளம்? ஸ்கிரிப்டில் என்ன எழுதியிருக்கிறது? விடுபட்டவை எல்லாம் ஒரே நாளுடையவையா?

ஸ்டுடியோக்காரர்
எனக்கும் இப்படி நடந்தது. மெமரி கார்டிலிருந்து கல்யாணப் படங்கள் காணாமல் போய்விட்டன. உடனே அந்த டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள். மீட்புக் கருவி போட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ராயபுரம்_கிளியரிங்
காணாமல் போகவில்லை சார். கோப்பு கோப்புறையிலேயே இருக்கிறது, சரியாகத் திறக்கிறது. ஏற்றப்படவில்லை, அவ்வளவுதான். சர்வர் உபுண்டு.

பழைய_கை
“புதிதாக வந்தவை” என்பதை ஸ்கிரிப்ட் எதை வைத்துத் தீர்மானிக்கிறது? முழுப் பிரச்சினையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் போடவில்லை. `find` கட்டளையின் கையேட்டைப் படித்துவிட்டு வந்து கேட்டால் எல்லோருடைய நேரமும் மிஞ்சும்.

ராயபுரம்_கிளியரிங்
முன்பு இருந்தவர் எழுதிவைத்தது இது:

```
find /data/seetu -name '*.pdf' -newer /data/.kadaisi \
  -exec ./etru.sh {} \;
touch /data/.kadaisi
```

வண்ணை_நெட்
சர்வர் கடிகாரம் உலக நேரத்தில் இருக்கும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் இடைவெளி. மாலை 5.30-க்குப் பிறகு வரும் சீட்டுகள்தான் விடுபடுகின்றன என்று நினைக்கிறேன். நேர மண்டலத்தை மாற்றிப் பாருங்கள்.

பழைய_கை
தவறு. லினக்ஸ் கோப்பின் நேரத்தை 1970-லிருந்து எண்ணிய விநாடிகளாக வைத்திருக்கிறது. நேர மண்டலம் திரையில் காட்டுவதற்கு மட்டும்தான். `-newer` இரண்டு எண்களை ஒப்பிடுகிறது, அதற்குச் சென்னையும் லண்டனும் ஒன்றுதான்.

வண்ணை_நெட்
பென் டிரைவ் இடையில் வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. அதிலுள்ள பழைய கோப்பு முறை உள்ளூர் நேரத்தைத்தான் எழுதிவைக்கும், மண்டலம் எது என்று குறிக்காது. நான் சொல்வதை முழுதாகத் தள்ளிவிடாதீர்கள்.

பழைய_கை
பென் டிரைவ் என்று அவர் எங்கே சொன்னார்?

ஒற்றியூர்_தேரடி
இருவரும் சற்று நிறுத்துங்கள். தம்பி, விடுபட்ட ஒரு கோப்புக்கும், அந்த `.kadaisi` கோப்புக்கும் இதை ஓட்டி விடையைப் போடுங்கள். சீட்டுகள் சர்வருக்கு எந்த வழியாக வருகின்றன என்பதையும் சொல்லுங்கள். எல்லாம் ஒரே வழியில்தான் வருகின்றனவா?

```
stat -c '%n | %y | %z' GS4471.pdf
```

ராயபுரம்_கிளியரிங்
வழக்கமாக யார்டில் ஸ்கேன் செய்தவுடன் நெட் வழியாக நேரே வந்துவிடும். யார்டில் நெட் போய்விட்டால் மறுநாள் காலை பையன் பென் டிரைவில் கொண்டுவருவான். நான் `cp -a` போட்டு நகலெடுப்பேன். 12-ஆம் தேதி ராத்திரி ஏறியிருக்க வேண்டிய சீட்டு இது:

```
GS4471.pdf | 2025-03-11 18:42:08.000000000 +0530
           | 2025-03-12 10:21:33.518204417 +0530
```

`.kadaisi` ஒவ்வொரு இரவும் மாறிவிடுகிறது. 11-ஆம் தேதி இரவு ஓட்டம் 11.04-க்கு முடிந்ததாகப் பதிவில் இருக்கிறது.

ஒற்றியூர்_தேரடி
அப்படியானால் காரணம் கண்முன் இருக்கிறது. முதல் நேரம், கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக மாறியது. யார்டில் ஸ்கேன் செய்த மாலை 6.42 அது. இரண்டாவது நேரம், இந்தச் சர்வரில் அந்தக் கோப்பின் பதிவு கடைசியாக மாறியது. நீங்கள் நகலெடுத்த காலை 10.21 அது. `cp -a` மூலக் கோப்பின் முதல் நேரத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிடுகிறது. 12-ஆம் தேதி இரவு `-newer` பார்க்கும்போது 6.42 என்பது 11.04-க்கு முந்தியது. “இது நேற்றே முடிந்த கதை” என்று தள்ளிவிடுகிறது. மறுநாள் குறி இன்னும் முன்னால் நகர்ந்துவிடும். ஆகவே அந்தச் சீட்டு இனி எந்த இரவிலும் ஏறாது. ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது, அதனால்தான் பிழைச் செய்தியும் இல்லை.

முதல் நேரத்தில் புள்ளிக்குப் பின் வெறும் சுழியங்களாக இருப்பதையும் பாருங்கள். இந்தச் சர்வரிலேயே எழுதப்பட்ட கோப்பானால் இரண்டாவதைப் போல எண்கள் இருக்கும். நேரம் வெளியிலிருந்து வந்தது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

ஸ்டுடியோக்காரர்
`-a` எடுத்துவிட்டு வெறும் `cp` போட்டால் போதுமே. நகலெடுத்த நேரமே கோப்பில் விழுந்துவிடும்.

ராயபுரம்_கிளியரிங்
அது முடியாது. சீட்டில் தேதி அழிந்திருந்தால் கணக்குப் பிரிவு கோப்பின் தேதியைப் பார்த்துத்தான் யார்டு வாடகை நாளைக் கணக்கிடுகிறது.

ஒற்றியூர்_தேரடி
அதுவும் தவிர, இன்று `cp`-ஐத் திருத்தினால் நாளை யாராவது `rsync -a` போடுவார்கள், அல்லது ஜிப் கோப்பை விரிப்பார்கள். அவையும் பழைய நேரத்தைக் காப்பாற்றுகிறவைதான். அனுப்புகிறவரின் பழக்கத்தை நம்பியிருக்கும் வடிகட்டி நிலைக்காது. இரண்டாவது நேரத்தைப் பாருங்கள். அதை `touch` கொண்டுகூட நினைத்தபடி பின்னோக்கி வைக்க முடியாது.

```
touch /data/.ippodhu
find /data/seetu -name '*.pdf' -cnewer /data/.kadaisi \
  -exec ./etru.sh {} \;
mv /data/.ippodhu /data/.kadaisi
```

குறியை ஓட்டம் தொடங்கும்போதே வைப்பதைக் கவனியுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் முடிவில் வைத்தது. ஓடிக்கொண்டிருந்த சில நிமிடங்களுக்குள் வந்து விழுந்த சீட்டும் அதனால் விடுபட்டிருக்கும். ஏற்கெனவே விடுபட்டவற்றுக்கு, பில் மென்பொருளில் உள்ள சீட்டு எண்களையும் கோப்புறையையும் ஒப்பிட்டு, இல்லாதவற்றைக் கையால் ஏற்றுங்கள்.

பழைய_கை
`-cnewer` ஓட்டை இல்லாதது அல்ல. கோப்புறை முழுவதற்கும் யாராவது `chown` அல்லது `chmod` போட்டால் எல்லாக் கோப்புகளின் இரண்டாவது நேரமும் புதியதாகிவிடும். பேக்கப்பிலிருந்து மீட்டாலும் அதே கதி. அன்று இரவு பழைய சீட்டுகள் அனைத்தும் மறுபடி ஏறும், பார்ட்டிக்கு இரண்டு பில் போகும். நேரத்தையே நம்பக் கூடாது. ஏற்றி முடித்ததை வேறு கோப்புறைக்கு நகர்த்துவதுதான் முறை. இது எனக்குப் பல வருடங்களாகத் தெரிந்த விஷயம்.

ஒற்றியூர்_தேரடி
ஒப்புக்கொள்கிறேன். தொடக்கத்தில் குறி வைப்பதாலும் ஒன்றிரண்டு சீட்டுகள் இரண்டு முறை வரக்கூடும். விடுபடுவதைவிட அது மேல், ஆனால் `etru.sh` “இது ஏற்கெனவே ஏறியதா” என்று பார்த்தே ஆகவேண்டும். தம்பி, நகர்த்த முடியுமா?

ராயபுரம்_கிளியரிங்
முடியாது அக்கா. கணக்குப் பிரிவு அதே கோப்புறையில்தான் தேடுகிறது.

வண்ணை_நெட்
அப்படியானால் ஏற்றிய கோப்புகளின் பெயரை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பட்டியலில் இல்லாததை மட்டும் ஏற்றலாம். பென் டிரைவ் வந்ததா இல்லையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_கை
மங்கலான சீட்டை அதே பெயரில் மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினால் உங்கள் பட்டியல் அதைத் தடுத்துவிடும். பெயரோடு `sha256sum` எண்ணையும் வைக்க வேண்டும்.

வண்ணை_நெட்
அப்போது ஒரே சீட்டுக்கு இரண்டு பதிவு ஏறுமே? திருத்தமா, புதியதா என்று யார் சொல்வது?

பழைய_கை
அதை பில் மென்பொருள் முடிவு செய்யட்டும்.

வண்ணை_நெட்
அது செய்யாது. அதுதானே இப்போது இங்கே பிரச்சினை.

ராயபுரம்_கிளியரிங்
`-cnewer` போட்டேன். காலையில் வந்த பென் டிரைவ் சீட்டுகள் இரவே ஏறிவிட்டன. இரட்டிப்பைத் தடுக்கப் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறேன். மறு ஸ்கேன் பற்றி யார்டில் பேச வேண்டும். நன்றி அக்கா, நன்றி சார்.