ஆங்கிள் சட்டம்: 45-ல் வெட்டியும் ஒரு மூலை 7 மிமீ தூக்குகிறது

மொட்டைமாடி:
திண்ணையில் போட ஒரு சின்ன மேசை செய்கிறேன். மேலே கிரானைட் கல், 588 சதுரம், 18 மிமீ கனம். அதற்கு 40×40×5 ஆங்கிளில் வெளி அளவு 600 வைத்துச் சதுரச் சட்டம். ஆங்கிளின் ஒரு பக்கம் உள்நோக்கிப் படுத்திருக்கும், மறு பக்கம் வெளியோரமாக நிற்கும். கல் உள்ளே இறங்கி உட்கார வேண்டும்.

கட்டிங் மெஷினில் கோட்டை 45-க்கு நேராக வைத்து எட்டு வெட்டும் வெட்டினேன். மேக்னட் பிடித்துச் சேர்த்தபோது எல்லா மூலையிலும் உள்முனையில் 1 மிமீ சந்து. வெல்டில் நிரம்பிவிடும் என்று விட்டுவிட்டேன். இரண்டு இரண்டாக எல் வடிவில் சேர்த்து, மேல்பக்கமாக முழுசாக வெல்ட் அடித்து, அப்புறம் அந்த இரண்டு எல் துண்டையும் இணைத்தேன். மூலைவிட்டங்கள் 851, 846. தரையில் வைத்தால் ஒரு மூலை 7 மிமீ தூக்கி ஆடுகிறது. எங்கே தப்பு?

மரத்தூள்:
மெஷின்தான். சந்து 1 மிமீ என்றால் வெட்டு 45 இல்லை. மரத்தில் சட்டம் போடும்போது எனக்கும் இதே கதை. மெஷினைச் சரிசெய்து மறுபடி வெட்டுங்கள், ஆட்டம் நின்றுவிடும்.

பழைய பட்டறை:
மரத்தூள் சொல்வது பாதி சரி. 40 ஆங்கிளில் சாய்வெட்டின் நீளம் சுமார் 56 மிமீ. அதில் ஒரு முனையில் 1 மிமீ சந்து என்றால் மூலைக்கு ஒரு டிகிரி, வெட்டுக்கு அரை டிகிரி. கோட்டை நம்பாதீர்கள். வேஸ்ட் துண்டில் இரண்டு வெட்டு வெட்டி, சேர்த்துப் பிடித்து, மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். வீலை அழுத்தி இறக்கினாலும் வளைந்துகொண்டு போகும், அதனால் மெதுவாக.

ஆனால் அது சதுரம் கெடுவதற்குத்தான் காரணம். மூலை தூக்குவது வேறு. மேல்பக்கம் மட்டும் அடித்த வெல்ட் ஆறும்போது சுருங்கி, இரண்டு கையையும் மேலே இழுக்கும், புத்தகத்தை லேசாக மூடுவது மாதிரி. அந்தச் சாய்கோட்டில் ஒரு டிகிரி மடிந்தால் போதும், 600 தள்ளி இருக்கும் கைமுனை 7 மிமீ ஏறிவிடும். மூடிச் சட்டமாகும் முன்பே எல் துண்டை முழுசாக அடித்ததால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. மேக்னட் 90-ஐப் பிடிக்கும், மேலே ஏறுவதைப் பிடிக்காது.

கேட்டுக்காரன்:
என் வீட்டுக் கேட்டும் ஒரு மூலை தொங்குகிறது அண்ணே, ஆனால் அது சதுர டியூப். குறுக்குச் சட்டம் கொடுத்தால் சரியாகுமா?

பழைய பட்டறை:
தம்பி, உங்களுடையது எடையால் தொங்குவது, கீலைப் பாருங்கள். இவருடையது வெல்டால் வந்த முறுக்கு.

மொட்டைமாடி, தூக்கியதை மொட்டைமாடித் தரையில் வைத்துத்தான் பார்த்தீர்களா? மழைத்தண்ணி ஓட அதில் வாட்டம் இருக்கும். எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள். நடுவில் ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் இருந்தால் சட்டம் தட்டையாக இருக்கிறது. மேல் நூல் விலகி நின்றாலும் கீழ் நூலை அழுத்தினாலும் முறுக்கு.

அடுத்த முறை நான்கு துண்டையும் ஒரே நேரத்தில் படுக்க வையுங்கள். நேரான இரண்டு டியூப்பைச் செங்கல்மேல் மட்டம் பார்த்து வைத்து, அதில் சி கிளாம்பால் இறுக்குங்கள். ஒவ்வொரு மூலையிலும் சாய்வெட்டின் இரு முனையிலும் சின்ன டேக். அப்போதே மூலைவிட்டம் அளக்க வேண்டும், இரண்டும் 848.5 பக்கம் வரணும். நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் முனையில் சுத்தியலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். பிறகு வெளியே நிற்கும் பக்கத்து மூலைகளை 12 நம்பர் ராடில் எதிரெதிராக அடித்து, திருப்பி, மறுபடி இறுக்கி, அடிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக. உள்பக்கம் டேக்கோடு சரி, அதையும் கிரைண்டரில் தேய்த்துவிடுங்கள். அங்கே வெல்ட் மேடு இருந்தால் கல் அதன்மேல்தான் உட்காரும். உங்கள் கல் ஆடினால் பாதிக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

மொட்டைமாடி:
நூல் கட்டிப் பார்த்தேன், முறுக்குதான். இதை வெட்டாமல் காப்பாற்ற முடியுமா?

கிரில்_வேலை:
முடியும் சார். ஆங்கிள் திறந்த வடிவம், முறுக்குக்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும். தாழ்ந்த இரு மூலையை இறுக்கிவிட்டு, தூக்கிய மூலையை மட்டத்துக்குக் கீழே 10, 15 மிமீ வரை அழுத்தி விடுங்கள். திரும்பி எழுவது போக மீதி நிற்கும்.

பழைய பட்டறை:
எனக்கு அது பிடிக்காது. வெல்ட் கீறலாம். முதலில் அடித்த இரண்டு மூலையையும் 1 மிமீ வீலில் பிளந்து, இறுக்கி, அடியிலிருந்து மறுபடி டேக் அடிப்பேன்.

மொட்டைமாடி:
பிளக்கும் முன் கிரில்_வேலை சொன்னதை முயன்றேன். நான்காவது அழுத்தலில் 7 என்பது 2 ஆனது. வெல்டில் கீறல் எதுவும் தெரியவில்லை. மூலைவிட்டம் மட்டும் 851, 846 அப்படியே. உள்ளளவு 590, கல் 588, ஒரு மூலையில் உரசி இறங்க மாட்டேன் என்கிறது.

பழைய பட்டறை:
அந்த 5 மிமீ வித்தியாசம் முறுக்கினால் போகாது. மூலையைப் பிளக்க வேண்டும், இல்லை கல்லின் ஓரத்தைத் தேய்க்க வேண்டும்.

கிரில்_வேலை:
கல்லைத் தேயுங்கள் சார். 2 மிமீ ஆட்டத்துக்கு நான்கு மூலையிலும் ரப்பர் வைத்தால் போதும்.

பழைய பட்டறை:
17 கிலோ கல்லை மூன்று புள்ளியில் உட்கார வைத்து, மேலே யாராவது ஏறி நின்றால் ரப்பர் காப்பாற்றுமா என்று நீங்களே பாருங்கள்.