பிங் 9, ஆனாலும் குரல் உடைந்தது

மொட்டைமாடி: போன வாரம் ஒரு வேலைக்கான நேர்காணல், இரவு ஏழரைக்கு. மூன்றாவது கேள்வியில் எதிரே இருந்தவர் முகம் அப்படியே உறைந்துவிட்டது. "நீங்கள் பேசுவது துண்டு துண்டாக வருகிறது" என்று நாலு தடவை சொன்னார். முடிந்த கையோடு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினேன். டவுன்லோடு 94, அப்லோடு 10 மெகாபிட், பிங் 9 மில்லிவிநாடி. காலையிலும் இதே எண்கள்தான். அப்புறம் எது உடைந்தது?

கேபிள்காரன்: இரவில் எல்லாரும் படம் பார்க்கிறார்கள், தெருவுக்கே ஒரே குழாய். எனக்குக் காலையில் 90, இரவில் 30. கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

மொட்டைமாடி: எனக்கு இரவிலும் 94 வந்ததே.

புதுசு: எனக்கும் மோசடிதான். 100 பிளான், ஃபைல் இறங்கும்போது 12தான் காட்டுகிறது.

பழைய மோடம்: புதுசு, அது மெகாபைட், பிளான் மெகாபிட்டில். எட்டால் பெருக்குங்கள், உங்கள் 100 சரியாகவே வருகிறது.

மொட்டைமாடி, அந்த 9 லைன் சும்மா இருக்கும்போது எடுத்த பிங். கால் நடந்தபோது வீட்டில் வேறு ஏதாவது மேலே ஏறிக்கொண்டிருந்ததா? எங்கள் வீட்டில் மகளின் போன் சார்ஜில் போட்டதும் போட்டோ பேக்கப் தொடங்கும். உடனே என் கால் தடுமாறும். ஒரு மாதம் கம்பெனியைத் திட்டினேன். அப்லோடு நிரம்பினால் மீதி பாக்கெட்டுகள் ரவுட்டரில் வரிசை கட்டும். அந்த வரிசையில் 500 கிலோபைட் நின்றால் போதும், 10 மெகாபிட் லைனில் அது கரைய 0.4 விநாடி ஆகும். உங்கள் குரலும் அதன் பின்னால்தான் நிற்கிறது. டெஸ்டில் அப்லோடு ஓடும் நேரத்துப் பிங்கைத் தனியாகக் காட்டுவார்கள், அதைப் பாருங்கள்.

ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் SQM வசதி இருந்தால் அப்லோடை 9க்கு மட்டுப்படுத்துங்கள். கொஞ்சம் வேகம் போகும். ஆனால் வரிசையை ரவுட்டரே கட்டுப்படுத்தும், சின்னப் பாக்கெட்டுகளுக்கு வழி கிடைக்கும்.

மொட்டைமாடி: பார்த்தேன். சும்மா இருக்கும்போது 9, அப்லோடின்போது 412! அன்று டெஸ்ட் எடுக்கும் முன்பே பேக்கப் முடிந்திருக்க வேண்டும். என் ரவுட்டரில் SQM இல்லை. பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றிவிட்டேன்.

கேபிள்காரன்: அப்போ என் 30க்கு என்ன பதில்? என் வீட்டில் யாரும் பேக்கப் எடுப்பதில்லை.

பழைய மோடம்: அது வேறு கதை. நீங்கள் சொன்ன நெரிசலாக இருக்கலாம், அக்கம்பக்கத்து வைஃபையாகவும் இருக்கலாம். இரவில் ரவுட்டருக்கே பிங் அடியுங்கள் (உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாக இருக்கலாம்):

```
ping 192.168.1.1
```

அதுவே எகிறிக் குதித்தால் கோளாறு வீட்டுக்குள். அமைதியாக இருந்தால் ஒரு லேப்டாப்பை வயரில் செருகி டெஸ்ட் எடுங்கள். அப்போதும் 30 என்றால் கம்பெனியைக் கேட்கலாம்.

கேபிள்காரன்: அடித்தேன். 3, 4, 70, 5, 110. ஆனால் வயரிலும் 55தான் வருகிறது. இப்போது யாரைத் திட்டுவது?